ராத்திரி மூணு மணிக்கு தானா ஓடுற ஜாப், சந்தேகம் வந்தா ஏன் எதையும் அழிக்கக் கூடாது

சர்வர்ல ராத்திரி தானா ஓடுற வேலைகள்லயே ரொம்ப சாதாரணமா நினைக்கிறது பழைய பேக்கப்பை தூக்குற வேலைதான். க்ரான்ல ஒரு வரி போட்டா முடிஞ்சுது, அதுக்கப்புறம் யாரும் அதைத் திரும்பிப் பாக்கறதில்ல, அது பாட்டுக்கு வருஷக்கணக்கா ஓடும். ஆனா ஒரு புது சர்வர் என் கைக்கு வந்தா நான் முதல்ல தேடிப் படிக்கிறது அந்த வரியைத்தான், ஏன்னா மத்த ஜாப் எல்லாம் எதையாவது உருவாக்குது, இல்ல எங்கயாவது அனுப்புது, இது மட்டும்தான் தினமும் எதையாவது இல்லாம பண்ணுது, அதுவும் யாருமே முழிச்சிட்டு இல்லாத நேரமா பாத்து.

வழக்கமா அந்த வரி இப்படித்தான் இருக்கும்:

```
0 3 * * * find /backup -maxdepth 1 -name '*.sql.gz' -mtime +14 -delete
```

14 நாளுக்கு மேல பழசான பேக்கப்பை அழி, அவ்வளவுதான். படிக்கிறப்ப இதுல சந்தேகப்பட ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும். ஆனா இதை எழுதச் சொன்னவங்க மனசுல இருந்தது வேற, "கடைசி ரெண்டு வாரத்து நல்ல காப்பி எப்பவும் இருக்கணும், அதே சமயம் டிஸ்க் ரொம்பிடவும் கூடாது", இதைத்தான் அவங்க கேட்டாங்க. பேக்கப் தினமும் ஒழுங்கா விழுற வரைக்கும் அவங்க கேட்டதும் இந்த வரி செய்யறதும் ஒண்ணாத்தான் இருக்கும், ஒரு வித்தியாசமும் தெரியாது. பேக்கப் நின்னு போறப்பதான் ரெண்டும் பிரியும்.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம். தினமும் ராத்திரி 1:40க்கு பேக்கப் முடியுது, மூணு மணிக்கு அந்த க்ரான் வரி ஓடுது. `-mtime +14`னா `find` முழு நாளா மட்டும்தான் எண்ணும், மீதி மணி நேரத்தை விட்டுடும், அதனால ஒரு ஃபைலுக்கு 15 நாள் முழுசா ஆனாதான் அது மாட்டும். அப்போ சாதாரணமா எந்தக் காலையில போய்ப் பாத்தாலும் 15 ஃபைல் இருக்கும். இப்ப மார்ச் 2ஆம் தேதி எடுத்த பேக்கப்தான் கடைசி நல்ல பேக்கப்னு வச்சுக்குங்க, அன்னைக்குப் பகல்ல யாரோ டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாத்திட்டாங்க, பேக்கப் ஸ்க்ரிப்ட்ல மாத்த மறந்துட்டாங்க. மார்ச் 3 காலையில 14 ஃபைல். 4ஆம் தேதி 13. இப்படி ஒவ்வொரு ராத்திரியும் ஒண்ணு ஒண்ணா போய் மார்ச் 17 மூணு மணிக்கு, மார்ச் 2 ஃபைலுக்கு 15 நாளும் கொஞ்சமும் ஆயிருக்கும், அதுவும் போயிடும். ஃபோல்டர் காலி. அந்த 15 ராத்திரியும் க்ளீனப் ஜாப் ஒரு எரர் கூட காட்டல, சொன்னதை அச்சு பிசகாம செஞ்சிருக்கு.

இதுல முக்கியமா பாக்க வேண்டியது, அந்த வரில இருக்கிற குழப்பம் அதை எழுதுன நாள்ல கண்ணுக்கே தெரியாதுங்கறதுதான். "புது பேக்கப் ஒண்ணும் வரலன்னா பழசை என்ன பண்றது?"ங்கிற கேள்வியை அப்ப யாரும் கேக்கல, கேக்க வேண்டிய அவசியமும் வரல. அந்தக் கேள்வி மார்ச் 3 ராத்திரிதான் பொறக்குது. அதே வேலையை பகல்ல ஒரு ஆள் கையால செஞ்சிருந்தா, ஃபோல்டரைத் திறந்த உடனேயே "என்னப்பா, நேத்து ஃபைலே காணோமே"ன்னு நிறுத்திட்டு பக்கத்துல இருக்கிறவங்களைக் கேட்டிருப்பாங்க. ராத்திரி ஓடுற ஜாபுக்கு கேக்க ஆள் கிடையாது, அதனால அது ஏதோ ஒரு அர்த்தத்தை தானே எடுத்துக்கிட்டாகணும். எந்த அர்த்தத்தை எடுக்கணும்ங்கிறதுதான் இங்க விஷயமே.

என் பார்வைல அதுக்கு ஒரு தெளிவான அளவுகோல் இருக்கு. இன்னைக்கு ராத்திரி எந்த முடிவை எடுத்தா, நாளைக்கு காலையில வர்ற ஆள் ரெண்டு முடிவுல எதை வேணும்னாலும் எடுக்க முடியுமோ அதைத்தான் எடுக்கணும். அழிக்காம விட்டா, காலையில வந்து "இல்ல, அழிச்சிருக்கலாம்"னு தோணுனா அப்ப அழிச்சுக்கலாம், நஷ்டம் கொஞ்சம் டிஸ்க் இடமும் ஒரு நாள் தாமதமும்தான். அழிச்சுட்டா, "அழிச்சிருக்கக் கூடாது"ங்கிற பதிலுக்கு இடமே இல்லாம போயிடும். முதல் தப்புக்கு ஒரு எல்லை இருக்கு, அது எவ்வளவுன்னு முன்கூட்டியே கணக்கு போடலாம், ரெண்டாவது தப்புக்கு அந்த எல்லை கிடையாது. எது சரியான அர்த்தம்னு ஜாபுக்குத் தெரியாட்டாலும் பரவால்ல, எந்தத் தப்பை திருத்த முடியும்னு தெரிஞ்சா போதும்.

மௌனத்தை சம்மதமா எடுத்துக்கற பழக்கம் நம்ம டூல்ஸ்லயே ஊறிப் போயிருக்குங்கறதையும் கவனிக்கணும். `rm`ஐயே எடுத்துக்குங்க. எழுத அனுமதி இல்லாத ஒரு ஃபைலை டெர்மினல்ல உக்காந்து `rm` பண்ணா "இது ரைட்-ப்ரொடெக்டட், அழிக்கட்டுமா?"ன்னு கேக்கும். அதே கமாண்ட் க்ரான்ல இருந்து ஓடுனா எதிர்ல டெர்மினல் இல்ல, அதனால கேக்கவே கேக்காது, நேரா அழிச்சுடும். இது பக் இல்ல, போசிக்ஸ் ஸ்டாண்டர்டே அப்படித்தான் சொல்லுது. அதாவது ஆள் இருக்கறப்ப ஜாக்கிரதையா இருக்கு, ஆள் இல்லாதப்ப துணிஞ்சு செய்யுது. இருக்க வேண்டியது நேர் எதிரா.

நேர் எதிரா செய்யற டூல்ஸும் இருக்கு, ரொம்ப காலமாவே இருக்கு. `fsck -p`ன்னு ஒண்ணு, சிஸ்டம் பூட் ஆகறப்ப ஆள் இல்லாம ஃபைல் சிஸ்டத்தை சரி பாக்கற மோட். யோசிக்கவே தேவையில்லாத சின்னச் சின்னக் கோளாறை அது தானே சரி பண்ணிடும். ஆனா சரி பண்றதுல டேட்டா போற வாய்ப்பு இருக்கு, ஒரு ஆள் பாத்து முடிவெடுக்கணும்னு வந்துட்டா, `UNEXPECTED INCONSISTENCY; RUN fsck MANUALLY.`னு ஒரு வரி போட்டுட்டு நின்னுடும், எக்ஸிட் கோட்ல 4ங்கிற பிட்டை வச்சுட்டு வெளிய வந்துடும், பிரச்சனை இன்னும் தீரலன்னு அர்த்தம். சர்வர் பூட் ஆகாம நிக்கறது எவ்வளவு பெரிய தலைவலின்னு அதை எழுதுனவங்களுக்குத் தெரியாதா என்ன, தெரிஞ்சுதான் அப்படி வச்சாங்க, நிக்கிற சர்வரை எழுப்பிடலாம், தப்பா சரி பண்ண ஃபைல் சிஸ்டத்தை ஒண்ணும் பண்ண முடியாது. டெபியன்ல `unattended-upgrades`ம் அதே மாதிரிதான், ஒரு பேக்கேஜோட கான்ஃபிக் ஃபைலை நீங்க கையால மாத்தியிருந்து, புது வெர்ஷன்லயும் அந்த ஃபைல் மாறியிருந்தா, எதை வச்சுக்கறதுன்னு கேட்டாகணும், கேக்க ஆள் இல்ல, அதனால அந்தப் பேக்கேஜை மட்டும் அப்படியே விட்டுட்டு மத்ததை அப்டேட் பண்ணும். இது எனக்கு ரொம்பப் பிடிச்ச நடத்தை, ஏன்னா மொத்த வேலையையும் நிறுத்தல, சந்தேகம் இருக்கிற இடத்துல மட்டும் கையை எடுத்துடுது.

நம்ம பேக்கப் ஜாபுக்கு வருவோம். இதைப் படிச்சதும் நிறைய பேர் சொல்ற தீர்வு, "நாளை வச்சு பாக்காம எண்ணிக்கையை வச்சு பாரு, புதுசுல ஏழு ஃபைலை எப்பவும் விட்டு வை". நல்லதுதான், முதல் கதையில அது காப்பாத்தியிருக்கும். ஆனா பேக்கப் ஸ்க்ரிப்ட் பெரும்பாலும் எப்படி எழுதறாங்கன்னு பாருங்க:

```
pg_dump appdb | gzip > /backup/appdb-$(date +%F).sql.gz
```

பாஸ்வேர்டு தப்பாயி `pg_dump` விழுந்துட்டாலும் பைப்புக்கு அந்தப் பக்கம் `gzip` நல்லாத்தான் ஓடிட்டிருக்கும், ஒண்ணுமே வரலன்னா ஒண்ணுமில்லாததை அழகா சுருக்கி 20 பைட்ல ஒரு ஃபைல் எழுதி வைக்கும். ஷெல்லுக்கு பைப்ல கடைசியா இருக்கிறவர் ஜெயிச்சா போதும், `pipefail` போடலன்னா மொத்த வரியும் சக்ஸஸ்னு சொல்லிடும். இப்ப ஃபோல்டர்ல தினமும் ஒரு புது ஃபைல், இன்னைக்குத் தேதியோட, சரியான பேரோட விழுது. எண்ணிக்கையை வச்சுப் பாத்தா ஏழு என்ன, 15ம் இருக்கு. `gzip -t` போட்டா கூட பாஸ் ஆகும், ஏன்னா அது முறையான ஜிஜிப் ஃபைல்தான், உள்ள ஒண்ணுமில்ல, அவ்வளவுதான். மார்ச் 17 காலையில ஃபோல்டர்ல 15 ஃபைல் இருக்கும், மொத்தம் 300 பைட். ஃபோல்டர் காலியா இருந்தாலாவது யாராவது கவனிப்பாங்க, இது அதைவிட மோசம்.

அதனால அழிக்கறதுக்கு முன்னாடி ஜாப் பாக்க வேண்டியது, அழியப் போற பழைய ஃபைலை இல்ல, மிச்சம் இருக்கப் போறதை. மிஞ்சுறது நிஜமாவே உபயோகப்படுமாங்கிறதுதான் கேள்வி. வழக்கமா உங்க பேக்கப் 40 ஜிபி வருதுன்னா, பாதிக்குக் கீழ இருக்கிற எதையும் நல்ல பேக்கப்னு எண்ணாதீங்க:

```
good=$(find /backup -maxdepth 1 -name '*.sql.gz' \
       -mtime -14 -size +20G | wc -l)
if [ "$good" -lt 7 ]; then
  echo "நல்ல பேக்கப் $good தான் இருக்கு, எதையும் அழிக்கல"
  exit 1
fi
```

சைஸ் பாக்கறது முழுசான சோதனை இல்லங்கறதை ஒத்துக்கணும், பாதியில அறுந்து போன 30 ஜிபி ஃபைல் இதுல தப்பிச்சுடும். `pg_dump` டெக்ஸ்ட்டா எழுதறப்ப கடைசில `PostgreSQL database dump complete`னு ஒரு வரி போடும், கடைசி பத்து வரில அது இருக்கான்னு பாத்தா அறுந்து போனதும் மாட்டிக்கும். ரீஸ்டோர் பண்ணிப் பாக்கறதுதான் கடைசி நிரூபணம், அது தனி ஜாபா வேற மெஷின்ல ஓடட்டும். ஆனா இங்க தேவை நூறு சதவீத நிரூபணம் இல்ல, "இன்னைக்கு எதோ வழக்கம் போல இல்ல"ன்னு கண்டுபிடிச்சா போதும், கண்டுபிடிச்சதும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்.

இதே குடும்பத்துல இன்னொரு கேஸ் இருக்கு, அதையும் சொல்லிடறேன். ஒரு ஃபோல்டரை இன்னொரு இடத்துக்கு அப்படியே மிரர் பண்ண `rsync -a --delete /data/ /mirror/`னு போடுவாங்க. `/data` ஒரு தனி டிஸ்க், ஒரு நாள் ரீபூட்டுக்கப்புறம் அது மவுண்ட் ஆகல. இப்ப `/data` ஒரு காலி ஃபோல்டர். படிக்கறப்ப எரர் வந்தா `rsync` உஷாராயிடும், `IO error encountered -- skipping file deletion`னு சொல்லிட்டு அழிக்கறதை விட்டுடும். ஆனா காலி ஃபோல்டரைப் படிக்கறதுல எந்த எரரும் வராது. சோர்ஸ்ல எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க போலன்னு அது எடுத்துக்கும், மிரர்ல இருக்கிறது எல்லாத்தையும் துடைச்சுடும். "எல்லாத்தையும் அழிச்சுட்டாங்க"ங்கறதும் "டிஸ்க் காணோம்"ங்கறதும் `rsync` கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், ஒரு ஆளுக்குத்தான் வித்தியாசம் தெரியும். இதுக்கு `mountpoint -q /data || exit 1`னு முன்னாடி ஒரு வரி, கூடவே `--max-delete=500` மாதிரி ஒரு உச்சவரம்பு. வழக்கமா ஒரு ராத்திரிக்கு ஐம்பது, நூறு ஃபைல் போற இடத்துல 500ஐத் தாண்டுனா `rsync` அதுக்கு மேல அழிக்காம நிறுத்திட்டு 25ங்கிற எக்ஸிட் கோடோட வெளிய வரும். 500 ஃபைல் போயிருக்கும், அதை மறக்காதீங்க, ஆனா லட்சம் ஃபைல் போகாது.

சரி, நிறுத்தியாச்சு, யாருக்குத் தெரியும்? இங்கதான் நிறைய பேர் கோட்டை விடறாங்க. க்ரானுக்கு எக்ஸிட் கோடைப் பத்திக் கவலையே கிடையாது, ஜாப் எதையாவது ப்ரிண்ட் பண்ணா அதை மெயில்ல அனுப்பும், அவ்வளவுதான், அந்த மெயில் போய்ச் சேருதான்னு அதுக்குத் தெரியாது. கிட்லேப் கம்பெனில 2017 ஜனவரி 31ல நடந்தது இதுக்கு நல்ல உதாரணம், அவங்களே எல்லாத்தையும் வெளிப்படையா எழுதி வச்சிருக்காங்க. ஒரு எஞ்சினியர் தவறுதலா மெயின் டேட்டாபேஸ் சர்வர்ல இருந்த டேட்டாவை அழிச்சுட்டாரு, பேக்கப்பைத் தேடிப் போனா பேக்கப்பே இல்ல. டேட்டாபேஸ் 9.6 வெர்ஷன், `pg_dump` ஓடுனது 9.2, அதனால பேக்கப் ஃபெயில் ஆயிட்டிருந்தது. ஃபெயில் ஆகறப்ப மெயிலும் போயிட்டுத்தான் இருந்தது, ஆனா மெயில் நிஜமான இடத்துல இருந்துதான் வருதான்னு பாக்கற டிமார்க் ஏற்பாட்டை க்ரான் மெயிலுக்குப் போடல, அதனால அந்த மெயில் எல்லாம் ரிஜெக்ட் ஆயிடுச்சு. நல்ல வேளையா கிட்டத்தட்ட 6 மணி நேரத்துக்கு முன்னாடி வேற காரணத்துக்காக கையால எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட் இருந்தது, அதை வச்சு மீட்டாங்க, அந்த 6 மணி நேர டேட்டா போனது போனதுதான். அங்க அழிச்சது க்ரான் ஜாப் இல்ல, ஆள்தான். ஆனா "கேள்வி கேட்டுட்டேன்"னு ஜாப் நினைக்கறதும், கேள்வி யார் காதுலயும் விழாம இருக்கறதும் எப்படி ஒரே நேரத்துல நடக்கும்னு இதுல தெளிவா தெரியுது.

அதனால எரர் வந்தா சொல்லுங்கிற ஏற்பாட்டை மட்டும் நம்பக் கூடாது, தலைகீழா வைக்கணும். நல்லபடியா முடிஞ்சா ஜாப் வெளிய இருக்கிற ஒரு மானிட்டருக்கு "முடிஞ்சுது"ன்னு ஒரு சிக்னல் அனுப்பணும், 26 மணி நேரமா சிக்னல் வரலன்னா அந்த மானிட்டர் ஆளைக் கூப்பிடணும். மெயில் தொலைஞ்சாலும், சர்வரே செத்துப் போனாலும், க்ரான் வரியை யாராவது தெரியாம எடுத்துட்டாலும் சிக்னல் வராது, எல்லாத்துக்கும் ஒரே அலாரம். அலாரத்தைப் பாத்துட்டு வர்ற ஆளுக்கு லாக்ல ஒரு முழுக் கேள்வி காத்திட்டிருக்கணும், "ஃபெயில்ட்"னு ஒத்த வார்த்தை போதாது. எதை அழிக்க இருந்தேன், எதைப் பாத்து நிறுத்துனேன், எந்த கமாண்டைப் போட்டா தொடரும், இந்த மூணும் இருந்தா அவங்க ரெண்டு நிமிஷத்துல முடிவெடுத்துடுவாங்க. இல்லன்னா அலாரத்தை அணைக்கறதுக்காகவே செக்கை எடுத்து விட்டுடுவாங்க, அப்புறம் பழைய வரிக்கே திரும்பியாச்சு.

நிறுத்தறதுக்கும் அழிக்கறதுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு, அழிக்கறதுக்குப் பதிலா ஓரமா நகர்த்தி வைக்கறது. ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள்ள `mv`ங்கறது பேர் மாத்தறது மட்டும்தான், 40 ஜிபியா இருந்தாலும் கண் இமைக்கற நேரத்துல முடியும், திரும்ப எடுக்கறதும் அப்படியே. ஆனா இதுல ஒரு பொறி இருக்கு, அனுபவசாலிகளே மாட்டுவாங்க. பேர் மாத்துனா ஃபைலோட `mtime` மாறாது. நேத்து ராத்திரி ட்ராஷுக்குப் போன ஃபைலுக்கு `mtime` கணக்குல ஏற்கனவே 15 நாள் வயசு. "ட்ராஷ்ல ஏழு நாளுக்கு மேல இருக்கிறதை அழி"ன்னு நினைச்சுக்கிட்டு `find /backup/.trash -mtime +7 -delete` போட்டீங்கன்னா, ஏழு நாள் அவகாசம்னு நீங்க நம்பிட்டிருப்பீங்க, நிஜத்துல அடுத்த ரன்லயே போயிடும். தேதி பேர்ல ஃபோல்டர் போட்டு நகர்த்துனா இந்தக் குழப்பமே வராது:

```
d=/backup/.trash/$(date +%F)
mkdir -p "$d"
find /backup -maxdepth 1 -name '*.sql.gz' -mtime +14 \
     -exec mv -n -t "$d" {} +
```

அழிக்கறப்ப ஃபோல்டர் பேர்ல இருக்கிற தேதியைப் பாத்து அழிக்கணும், அங்கயும் மேல சொன்ன செக் பாஸ் ஆனாதான்.

இதுக்கெல்லாம் விலை உண்டு, அது டிஸ்க் இடம். ட்ராஷ்ல இருக்கிற ஃபைல் ஒரு பைட் இடத்தைக் கூட விடுவிக்காது. நம்ம கணக்குல 40 ஜிபி வீதம் 15 பேக்கப் 600 ஜிபி, ட்ராஷ்ல ஏழு நாள் 280 ஜிபி, ஆக 880. டிஸ்க் 1200 ஜிபின்னா மிச்சம் 320, அதாவது க்ளீனப் நின்னு போனாலும் எட்டு நாள் பேக்கப் விழ இடம் இருக்கு. அந்த எட்டு நாள்தான் ஜாப் "தெரியல, கேட்டுச் சொல்றேன்"னு நிக்கறதுக்கு நீங்க குடுத்திருக்கிற அவகாசம், லாங் லீவ், நோட்டீஸ் பீரியட் எல்லாம் சேத்து யோசிச்சு அந்த அளவை முதல்லயே முடிவு பண்ணணும். டிஸ்க்கை 95 சதவீதம் ரொப்பி ஓட்டறவங்ககிட்ட ஜாப் நிக்கறதுக்கு நேரமே இருக்காது, அப்ப நிறுத்தறதே இன்னொரு விபத்தாயிடும், குறிப்பா அந்த டிஸ்க்லயே டேட்டாபேஸும் ஓடிட்டிருந்தா. பேக்கப்புக்குத் தனி டிஸ்க் வைக்கச் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம், ரொம்புனா பேக்கப் மட்டும்தான் நிக்கும், டேட்டாபேஸ் நிக்காது.

எல்லா ஜாபும் சந்தேகம் வந்தா நிக்கணும்னு நான் சொல்லல. சர்டிஃபிகேட் புதுப்பிக்கற ஜாப் நின்னா சைட் நின்னுடும், அது புதுசா ஒண்ணை வாங்கி வைக்குது, பழசை எடுத்து எறியல, அதனால தைரியமா முயற்சி பண்ணட்டும். பேக்கப் எடுக்கற ஜாபும் அப்படித்தான், எது நடந்தாலும் எடுக்கட்டும். ஆனா அழிக்கறது, வெளிய மெயில் அனுப்பறது, பணம் அனுப்பறது, டேபிளை ட்ராப் பண்றது, இந்த வகை எல்லாம் வேற. ஒரே ஸ்க்ரிப்ட்ல ரெண்டு வகையும் கலந்து கிடந்தா முதல்ல அதைப் பிரிச்சு ரெண்டு ஜாபாக்கிடுங்க, எடுக்கறது தனி, அழிக்கறது தனி, எடுக்கறது எப்பவும் ஓடட்டும், அழிக்கறது செக் பாஸ் ஆனா மட்டும் ஓடட்டும்.

ஏற்கனவே டிஸ்க் ரொம்பிட்டு வருது, ஆளும் வரல, இன்னைக்கு ஏதாவது ஒண்ணு போயே ஆகணும்ங்கற நிலைமைக்கும் முன்கூட்டியே எழுதி வச்சுடலாம். பழசுல இருந்து வரிசையா அழிக்காம நடுவுல இருக்கிறதை ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்தா, கிட்டத்தட்ட பாதி இடம் கிடைக்கும், ஆனா பழைய முனையும் புது முனையும் அப்படியே இருக்கும், காணாம போற டேட்டா அதிகபட்சம் இன்னும் ஒரு நாளைக்கானதுதான். கடைசியா நல்லா இருந்ததுன்னு செக் பாஸ் ஆன மூணு பேக்கப்பை எந்த நெருக்கடியிலயும் தொடக் கூடாது, அதுக்கு மேலயும் இடம் பத்தலன்னா புது பேக்கப் எடுக்கறதை நிறுத்திக்கட்டும், சிக்னல் வராம அலாரம் அடிக்கும், ஆள் வந்து பாக்கட்டும்.